‘மீதிப் பணத்தை நேரடியாகவே அனுப்பிவிடுகிறேன்’: பாதி ஒப்பந்தத்தில் வந்த ஒரு கோரிக்கை

ஃப்ரீலான்ஸ் சந்தைகளில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த மெசேஜ் வந்திருக்கும். “இங்கே பேசுவது வசதியாக இல்லை, வாட்ஸாப் நம்பர் கொடுங்கள். பணத்தையும் நேரடியாகவே அனுப்பிவிடுகிறேன், எதற்கு வீணாகக் கமிஷன்?” இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டால் நல்ல கிளையன்ட் சிலரை இழப்போம். எல்லோரும் நல்லவர்கள் என்று எடுத்துக்கொண்டால் கணக்கையே இழப்போம். யார் எவர் என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. அதைக் காட்டுகிற நிகழ்வு இது.

வேலை நடந்தது அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் சந்தையில். செய்தவள் முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு வெப் டெவலப்பர். இப்போது தனியாகச் செய்கிறாள், சிக்கல் வந்தால் என்னைக் கேட்பாள். கிளையன்ட் ஒரு சிறு ஆன்லைன் கடையின் உரிமையாளர். பணம் செலுத்தும் கார்டு சரிபார்க்கப்பட்ட கணக்கு, முன்பு பலரை வேலைக்கு எடுத்த வரலாறு, நல்ல மதிப்பீடுகள். அதாவது, சந்தேகப்பட முகாந்திரம் இல்லாத ஆள். பழைய கடையைப் புதிய வடிவமைப்புக்கு மாற்ற வேண்டும். மொத்தம் 1,500 டாலர், மூன்று மைல்ஸ்டோன்: பக்க வடிவமைப்புக்கு 400, பொருள் விவரங்களை மாற்றிப் பேமென்ட் இணைப்பதற்கு 700, சோதித்துத் திறந்துவைப்பதற்கு 400.

கோரிக்கை ஒரே தடவையில் வரவில்லை. இரண்டாகப் பிரிந்து, இரண்டு கட்டத்தில் வந்தது. முதலாவது பேச்சைப் பற்றியது, இரண்டாவது பணத்தைப் பற்றியது. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் முகத்தில் அடித்தாற்போல மறுக்கிறார்கள். இரண்டுக்கும் விதி வேறு.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கிளையன்ட் வாட்ஸாப்பில் பேசலாமா என்று கேட்டார். “கடையின் பழைய அமைப்பை எழுதிப் புரியவைக்க முடியாது, திரையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்” என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அப்வொர்க் விதிப்படி, ஒப்பந்தம் தொடங்கும்வரை தொடர்பு விவரங்களைப் பரிமாறிக்கொண்டு வெளியே போய்ப் பேசக் கூடாது. தொடங்கிய பிறகு தொழில் நிமித்தமாக வெளியே பேசுவதற்குத் தடையில்லை. ஃபைவரில் இந்தச் சலுகையும் கிடையாது, ஆர்டர் நடக்கும்போதும் பேச்சு உள்ளேயேதான் இருக்க வேண்டும். எந்தச் சந்தையில் இருக்கிறோம், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைப் பார்க்காமல் பதில் சொல்லவே முடியாது.

அவள் அனுப்பிய பதில் இதுதான்: “திரையைக் காட்டிப் பேசுவது நல்ல யோசனை. இந்த மெசேஜ் பெட்டியிலேயே வீடியோ அழைப்பு இருக்கிறது, திரையையும் காட்டலாம். இன்று மாலை எனக்கு வசதிப்படும், உங்களுக்கு எந்த நேரம் தோது?” விதி, தடை என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் சொன்ன காரணத்துக்கு உள்ளேயே ஒரு வழி, கையோடு நேரமும். அவரும் மறுபேச்சில்லாமல் வந்து பேசினார், முக்கால் மணி நேரம் கடையைச் சுற்றிக் காட்டினார். ஒப்பந்தமும் போட்டார்.

இந்தச் சின்னப் பரிமாற்றத்தில்தான் முக்கியமான சோதனை ஒளிந்திருக்கிறது. கிளையன்ட் சொல்லும் காரணத்தை உண்மையென்றே எடுத்துக்கொண்டு, அதை உள்ளேயே தீர்த்துக் கொடுக்க வேண்டும். உண்மையாகவே அந்தக் காரணத்துக்காகக் கேட்டவர் ஏற்றுக்கொள்வார். வெளியே இழுப்பதே நோக்கமாக இருப்பவருக்குத் தீர்வு தேவையில்லை, இடமாற்றம்தான் தேவை. அதனால் உடனே இன்னொரு காரணம் முளைக்கும்.

முளைக்கும் விதத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதே சமயத்தில் அவளுக்கு வேறொருவரிடமிருந்து இன்னொரு வேலைக்கான அழைப்பும் வந்திருந்தது. வேலை விவரம் நான்கே வரி, மீதி எல்லாம் ஒரு படக்கோப்பில். படத்துக்குள் டெலிகிராம் முகவரி, தானியங்கிச் சோதனை பிடித்துவிடாமலிருக்க எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. இவள் வீடியோ அழைப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றதும் “மைக் பழுது” என்று பதில். சரி, எழுத்திலேயே பேசலாம் என்றதும் “எங்கள் மேலாளருக்கு இங்கே கணக்கு இல்லை” என்று இன்னொன்று. மூன்றாவது மெசேஜில் “பயிற்சிக் கணக்கைத் திறக்க ஒரு சிறு வைப்புத்தொகை, முதல் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவோம்.” வேலை தருபவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்டால் அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. புகார் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், அவளும் அதைத்தான் செய்தாள். இந்த வகை ஆட்களிடம் பதில் எழுதித் திருத்த முயல்வது நேர விரயம்.

சிக்கலானது நல்ல கிளையன்ட் கேட்கும்போதுதான்.

முதல் மைல்ஸ்டோன் முடிந்து 400 டாலர் வந்துவிட்டது. இரண்டாவதற்கான 700 டாலரை அவர் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை பணத்தைச் சந்தையே பிடித்துவைத்திருக்கும் கணக்கில், போட வேண்டிய நேரத்தில் இந்த மெசேஜ் வந்தது: “உங்கள் வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மீதி 1,100-ஐ இதன் வழியாக அனுப்பினால் இரண்டு பக்கமும் கட்டணம் போகிறது. நான் பேபாலில் 1,050 அனுப்புகிறேன். உங்களுக்கும் இங்கே வருவதைவிட அதிகம். பாதி முன்பணம், பாதி வேலை முடிந்ததும்.”

அவள் எனக்குப் போன் செய்தாள். “அக்கா, இவர் ஏமாத்துற ஆள் மாதிரித் தெரியல. கணக்குப் போட்டா எனக்கும் அறுபது டாலர் கூட வருது. இதுல என்ன தப்பு?”

“அறுபது வருதான்னு முதல்ல பார்ப்போம்” என்றேன். பார்த்தோம். இந்த ஒப்பந்தத்தில் அவளுக்கான கட்டணம் 10 விழுக்காடு. அப்வொர்க்கில் 2023-இல் எல்லோருக்கும் ஒரே 10 என்று ஆக்கினார்கள், 2025-இலிருந்து புதிய ஒப்பந்தங்களில் 0 முதல் 15 வரை மாறும். ஆக 1,100-இல் அவளுக்கு 990. இந்த ஒப்பந்தத்தில் கிளையன்டுக்கு மேற்கொண்டு 5 விழுக்காடு, அதாவது அவர் கையிலிருந்து போவது 1,155. வெளியே போனால் அவர் தருவது 1,050, மிச்சம் 105. இவளுக்குக் கிடைப்பதாகத் தெரிவது 60. ஆனால் பேபாலில் வெளிநாட்டு வணிகப் பணம் வந்தால் அதற்கும் கட்டணம் உண்டு, நாணய மாற்றிலும் கொஞ்சம் கழியும். நாட்டுக்கு நாடு மாறும் இந்தச் செலவை 5 விழுக்காடு என்று வைத்தால் 52 டாலருக்கு மேல் போய்விடும். கைக்கு வருவது 997, 998. சந்தையிலிருந்து வங்கிக்கு எடுக்கும் சிறு கட்டணத்தைக் கணக்கில் சேர்த்தாலும் வித்தியாசம் பத்துப் பதினைந்து டாலரைத் தாண்டாது. அவருக்கு 105, இவளுக்குச் சில்லறை. “இரண்டு பேருக்கும் லாபம்” என்று யாராவது சொன்னால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் லாபம் ஒரு பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

இனி அந்தச் சில்லறைக்கு ஈடாக அவள் விட்டுக்கொடுப்பது என்ன? முதலாவது எஸ்க்ரோ. வேலை தொடங்குமுன்பே 700 டாலர் கிளையன்ட் கையை விட்டுப் போயிருக்கும். வேலையை முடித்து ‘பணத்துக்காகச் சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தினால் 14 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் அவர் ஏற்கவோ திருத்தம் கேட்கவோ இல்லையென்றால் பணம் தானாக விடுவிக்கப்படும், 5 நாள் காத்திருப்புக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். (பலர் கோப்பை மெசேஜில் அனுப்பிவிட்டு, பொத்தானை அழுத்தாமலேயே காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கடிகாரம் ஓடாது.) வெளியே போனால் இப்படி எந்தக் கடிகாரமும் இல்லை. பாதி முன்பணம் வாங்கிய பிறகும் 525 டாலருக்கான வேலை அவர் நாணயத்தை மட்டும் நம்பி நிற்கும்.

இரண்டாவது, பேபாலில் வந்த பணம் வந்த பணம் அல்ல. வணிகப் பரிமாற்றமாக வந்தால் பணம் அனுப்பியவர் 180 நாள் வரை முறையீடு செய்யலாம். வீட்டு வாசலில் இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கும் சரக்கு இல்லை இது. ஒரு வலைத்தளத்தில் செய்த மாற்றங்களை ‘ஒப்படைத்தேன்’ என்று நிரூபிக்க, பேச்சும் வேலைப் பட்டியலும் ஒரே இடத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். பேச்சு வாட்ஸாப்பிலும் பணம் பேபாலிலும் ஒப்பந்தம் அப்வொர்க்கிலும் கிடந்தால் எந்த இடத்திலும் முழுக் கதை இருக்காது.

மூன்றாவது, விதி. அப்வொர்க் வழியாக அறிமுகமானவர்கள், அந்த அறிமுகத்திலிருந்து 24 மாதங்களுக்கு அதன் வழியாகவே பணம் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தை முடித்துவிட்டாலும் இந்தக் கெடு மாறாது. மீறினால் இருவர் கணக்கும் முடக்கப்படலாம். ஆனால் கிளையன்ட் இழப்பது ஒரு லாகின், இவள் இழப்பது அத்தனை ஆண்டு மதிப்பீடும் வரப்போகும் வேலையும். சந்தைக்கு வருமுன்பே தெரிந்த கிளையன்டுக்கு இந்த விதி பொருந்தாது. வெளியிலிருந்து நாமே கூட்டிவரும் கிளையன்டுக்கு நேரடி ஒப்பந்தம் என்ற தனி ஏற்பாடும் உண்டு. சந்தையில் கிடைத்தவரை அந்த வழியில் கொண்டுபோக முடியாது, சிலர் அதைக் குறுக்குவழியாக நினைக்கிறார்கள்.

கணக்கு முடிந்ததும் அவள் கேட்டது நியாயமான கேள்வி: “மாட்டேன்னு சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?”

அதனால்தான் பதிலை அவசரப்பட்டு எழுதவில்லை. அவர் சொன்ன காரணம் கட்டணம். ஆனால் ஒரு மைல்ஸ்டோனைச் சத்தமில்லாமல் கட்டியவர், ஏன் திடீரென்று இரண்டாவதில் கட்டணம் பேசுகிறார்? அதைக் கேட்காமல் மறுத்தால் பிரச்சினை அப்படியே இருக்கும். அவள் அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

“வேலை பிடித்திருப்பதாகச் சொன்னதற்கு நன்றி. நாம் இங்கே அறிமுகமானதால் பணத்தை இதன் வழியாகத்தான் என்னால் வாங்க முடியும், வெளியே வாங்கினால் உங்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் சிக்கல். செலவுதான் கவலை என்றால், பொருள் விவரங்களில் படங்களுக்குப் பெயரிடும் வேலையை உங்கள் ஆட்கள் செய்துகொண்டால் இரண்டாவது மைல்ஸ்டோனை 620-க்குக் குறைக்கலாம். வேறு காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வழி பார்க்கலாம். 700-ஆ 620-ஆ என்று முடிவுசெய்து எஸ்க்ரோவில் போட்டதும் அன்றே தொடங்கிவிடுகிறேன்.”

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். மறுப்பு ஒரே வாக்கியம், மழுப்பல் இல்லை. “இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்று பிடிகொடுக்காமல் எழுதியிருந்தால், அந்தப் ‘பிறகு’ அடுத்த வாரமே வந்து நிற்கும். அதோடு, சந்தையின் ஆட்கள் உரையாடலைப் பார்க்க நேர்ந்தால் அது அரைச் சம்மதமாகப் படும். அடுத்தது, விலையைக் குறைக்கும்போது வேலையையும் சேர்த்துக் குறைத்தாள். கட்டணத்தை ஈடுகட்டச் சும்மா 50 டாலர் தள்ளுபடி தந்திருந்தால், மூன்றாவது மைல்ஸ்டோனிலும் அதே பேரம் வந்திருக்கும். கடைசியாக, அவள் எஸ்க்ரோவில் பணம் வராமல் வேலையைத் தொடவில்லை. ‘நல்ல மனிதர்தானே, அதற்குள் ஆரம்பித்துவைப்போம்’ என்று தொடங்குபவர்களிடம் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது, பாதி வேலை ஏற்கெனவே அவர் பக்கம் போயிருக்கும்.

பதில் உடனே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள், இன்னொரு மெசேஜ் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு தெளிவான பதிலுக்குப் பின்னால் தொடர்ந்து இரண்டு மூன்று மெசேஜ் போட்டால் பதிலின் கறார் கரைந்துவிடும்.

பிறகு வந்தது உண்மையான காரணம். அவருடைய கணக்காளர், கார்டில் போன தொகைக்கு ரசீது எங்கே என்று கேட்டிருக்கிறார். கிளையன்டுக்கு அது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. பேபாலில் அனுப்பினால் ஒரு ரசீது கையில் வரும் என்று நினைத்திருக்கிறார். கட்டணப் பேச்சு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்வொர்க்கில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் இன்வாய்ஸ் தானாக உருவாகும், கிளையன்ட் தன் பரிமாற்றப் பட்டியலிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் எந்த மெனுவில் இருக்கிறது என்று அவள் நான்கு வரியில் எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் 700 டாலர் எஸ்க்ரோவில் விழுந்தது. படங்களுக்குப் பெயரிடும் வேலையையும் அவளையே செய்யச் சொல்லிவிட்டார்.

எல்லாம் இப்படிச் சுபமாக முடியும் என்று சொல்ல வரவில்லை. இதே பதிலுக்கு அவர், “அப்படியானால் பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் அனுப்புகிறேன், அதில் உங்களுக்குக் கட்டணமே இல்லை” என்று திரும்பி வந்திருந்தால் என் கணிப்பு மாறியிருக்கும். அந்த முறை தெரிந்தவர்களுக்குள் பணம் அனுப்ப ஏற்பட்டது. வேலைக்கான கூலியை அதில் வாங்குவது பேபால் விதிக்கும் முரண், அங்கேயும் கணக்கு கட்டுப்படுத்தப்படலாம். ஒரு விதியை மீறச் சொன்னவர், மறுத்ததும் இரண்டு விதியை மீறச் சொன்னால் அவர் நோக்கம் ரசீதும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. வெளியே பணம் தருவதாக யாராவது சொன்னால் அதைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் அப்வொர்க் விதி சொல்கிறது. அவள் தெரிவிக்கவில்லை. “அறியாம கேட்டுட்டாரு, எழுத்துல மறுத்தாச்சு, அதுவே பதிவுதானே” என்பது அவள் வாதம். பழகிய கிளையன்டைப் புகார் செய்ய மனம் வராது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் விதியில் ‘அறியாமல் கேட்டால் பரவாயில்லை’ என்று இல்லை. பிற்பாடு வேறு காரணத்துக்காக அந்த உரையாடலை யாராவது எடுத்துப் பார்த்தால், எழுத்தில் உள்ள மறுப்பு அவளைக் காக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன், தெரிவித்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டாவது தடவை கேட்டால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் உடன்பட்டோம்.

பேச்சு விஷயத்துக்குத் திரும்பினால், ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தபோது கிளையன்ட் தன் ஆட்களோடு ஸ்லாக்கில் சேரச் சொன்னார். ஒப்பந்தம் தொடங்கிவிட்டதால் அதில் தடையில்லை, சேர்ந்தாள். ஆனால் ஒரு பழக்கத்தைக் கடைப்பிடித்தாள். ஸ்லாக்கில் வேலையின் அளவோ விலையோ தேதியோ மாறினால், அன்று மாலையே அப்வொர்க் மெசேஜில் அதைப் பதிவுசெய்வாள். ஒன்று இப்படி இருந்தது: “இன்று ஸ்லாக்கில் பேசியபடி: தள்ளுபடிக் கூப்பன் வசதி இந்த மைல்ஸ்டோனில் இல்லை, மூன்றாவதில் 90 டாலர் கூடுதலாகச் சேர்கிறது. ஒப்படைக்கும் தேதி மாறவில்லை. சரியென்றால் ஒரு ‘சரி’ போடுங்கள்.” அவர் ‘சரி’ போட்டார். தகராறு என்று வந்தால் நடுவில் இருப்பவர் பார்க்கக்கூடியது அந்தப் பெட்டியைத்தான், ஸ்லாக்கில் ஆயிரம் பேசியிருந்தாலும் அவருக்கு அது வெறும் ஸ்கிரீன்ஷாட்.

மூன்றாவது மைல்ஸ்டோனும் கூப்பன் வேலையும் முடிந்தபின் கிளையன்ட் மாதாமாதம் பராமரிப்பு வேண்டும் என்றார். பணத்தை வெளியே தரும் பேச்சு இம்முறை நேர்வழியில் வந்தது: “நீண்ட காலம் சேர்ந்து வேலை செய்யப்போகிறோம், முறைப்படி வெளியே போக வழி உண்டா?” உண்டு. 24 மாதம் முடியுமுன் வெளியே போக விரும்பினால், கிளையன்ட் அப்வொர்க்குக்கு ஒரு மாற்றுக் கட்டணம் செலுத்திவிட்டுப் போகலாம். முழுநேரமாகப் பல மாதம் வேலை தரும் நிறுவனத்துக்கு அது கட்டுபடியாகலாம். வாரம் நான்கைந்து மணி நேரப் பராமரிப்புக்கு அது அதிகம் என்று விசாரித்துப் பார்த்துவிட்டு அவரே விட்டுவிட்டார்.

கடைசியில் மணிக்கணக்கு ஒப்பந்தமாகப் போட்டார்கள், வாரத்துக்கு 5 மணி நேரம் உச்சவரம்பு. அதில் வேறு ஒரு கவனம் தேவை. மணிக்கணக்கில் பணப் பாதுகாப்பு கிடைப்பது, அப்வொர்க்கின் டெஸ்க்டாப் ஆப்பில் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு பதிவாகும் நேரத்துக்குத்தான், அதுவும் என்ன வேலை என்று குறிப்பு எழுதி, வார வரம்புக்குள் இருந்தால். கையால் சேர்க்கும் நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரவில் கடை விழுந்துவிட்டது என்று போன் வந்து, ஆப்பைத் திறக்க மறந்து இரண்டு மணி நேரம் வேலை பார்த்தால், அந்த இரண்டு மணி நேரம் வெளியே வாங்கும் பணத்தைப் போலவே கிளையன்டின் நல்லெண்ணத்தை நம்பியதுதான். இப்போது அவள் போனை எடுத்ததும் முதலில் ஆப்பைத் திறக்கிறாள், பிறகுதான் “சொல்லுங்கள்” என்கிறாள்.